புளோக் எண் இருக்கு, வீட்டு எண் இல்லை

போன மாதம் வரை சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு மேல் என்னைத் தேட வேண்டியதே இல்லை. ஈசூனில் ஒருவன், ஜூரோங்கில் இரண்டு பேர், ஜொகூர் பாருவில் ஒருவன், தெம்பனிஸில் நான். ஐந்து பேரும் மைன்கிராஃப்ட்டில் இருப்போம். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; வாசலில் காலணி அலமாரிக்கு மேலே, ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி கிடக்கும் பழைய மடிக்கணினிதான். மூன்று வருடமாக ஓடுகிறது. உள்ளே ஒரு ஊரே கட்டி வைத்திருக்கிறோம். ஈசூன்காரன் மட்டும் இன்னும் ஒரு கோபுரத்தை முடிக்காமல் இழுத்தடிக்கிறான், அது வேறு கதை.

இந்த ஏப்ரலில் 24 மாத ஒப்பந்தம் முடிந்தது. வேறு நிறுவனம் மாதம் 5 வெள்ளி குறைவாகக் கேட்டது, வேகமும் கூடுதல். மாறிவிட்டேன். ஆள் வந்தார், புது ரவுட்டரை மாட்டினார், வேகத்தை அளந்து காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வேகத்தில் பொய் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவே போர்ட் ஃபார்வர்டிங்கை மறுபடி அமைத்தேன். வெளியிலிருந்து 25565 என்ற போர்ட்டுக்கு வருவதை 192.168.1.20-க்கு, அதாவது மடிக்கணினிக்கு அனுப்பு. இரண்டு நிமிட வேலை. சனிக்கிழமை வந்தது. ஐந்து பேரில் நான் மட்டும் உள்ளே. மற்ற நால்வருக்கும் `Connection timed out`.

இரண்டு வாரக் கடைசிகள் போயே போயின. ஜாவாவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஃபயர்வாலை அணைத்தேன். ரவுட்டரில் போர்ட்டைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பி வேறு இருந்தது, அதைப் போட்டால் `Success` என்று பச்சை நிறத்தில் காட்டியது. என்ன சக்சஸ்? முகவரி மாறினாலும் என் வீட்டையே காட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று வைத்திருந்தேன். அதுவும் கடமை தவறாமல் புது முகவரிக்கு மாறியிருந்தது. எல்லாம் சரி, யாரும் வர முடியவில்லை. "நீ ஏதோ கெடுத்துவிட்டாய் டா" என்று ஜூரோங்கிலிருந்து தீர்ப்பு. நானும் அப்படித்தான் நம்பினேன். எரிச்சலே அதுதான்.

நான் முதலில் கவனித்திருக்க வேண்டியது அந்தப் பிழைச் செய்தியை. `Connection refused` என்று வந்திருந்தால், தரவுப் பாக்கெட் ஏதோ ஒரு கணினிவரை போய், அங்கே கதவைத் திறக்க ஆளில்லாமல் திரும்பியிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்வர் ஓடவில்லையோ, போர்ட் எண் தப்போ என்று பார்க்கலாம். `timed out` அப்படி இல்லை. பதிலே இல்லை, வழியில் எங்கோ யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். எங்கே என்று பார்க்க, மடிக்கணினிக்கு வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் ஒரு வரி போதும். இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்:

```
sudo tcpdump -ni any tcp port 25565
```

இதை மடிக்கணினியில் ஓடவிட்டு, ஈசூன்காரனை இணையச் சொன்னேன். அவன் பத்து முறை அழுத்தினான். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. சர்வர் மறுக்கவில்லை, ஃபயர்வால் தடுக்கவில்லை. என் மடிக்கணினிக்கு அவன் வந்ததே தெரியாது.

அப்புறம்தான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் முகவரியான WAN ஐபியைப் பார்த்தேன். 100.72 என்று ஆரம்பித்தது. 'என் ஐபி என்ன' என்று சொல்லும் இணையதளத்திலோ முற்றிலும் வேறு எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் ரவுட்டருக்கும் உலகத்துக்கும் நடுவே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் சொந்த ரவுட்டரை மாட்டியிருந்தால் 192.168 என்று காட்டும், பெட்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரி என்றால் கதை முடிந்தது. அந்த வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள்: இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்க. கேரியர் கிரேட் நாட், சுருக்கமாக சிஜிநாட். சில நிறுவனங்கள் இதே வேலைக்கு 10 என்று தொடங்கும் முகவரியையும் பயன்படுத்துவார்கள், அதனால் எண்ணைவிட அந்த ஒப்பீடுதான் நம்பகம்.

நம்ம ஊரில் இதை விளக்குவது சுலபம். ஒரு வீவக புளோக்குக்கு ஒரு அஞ்சல் குறியீடு. கடிதத்தில் புளோக் எண்ணும் அஞ்சல் குறியீடும் மட்டும் எழுதி, #08 என்று தொடங்கும் அந்த வீட்டு எண்ணை விட்டுவிட்டால் கடிதம் கீழ்த்தளம்வரை வரும். அதற்கு மேல் எந்த வீடு? நாங்கள் கடிதம் எழுதினால் பிரச்சினை இல்லை; வெளியே போகும்போதே நிறுவனத்தின் பெட்டி 'இதற்குப் பதில் வந்தால் எட்டாவது மாடிக்கு' என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதனால்தான் யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, ஒன்றும் தப்பாகத் தெரிவதில்லை. யாரோ வெளியிலிருந்து தாமாக வந்து கதவைத் தட்டினால் அட்டவணையில் குறிப்பு இல்லை. தூக்கிப் போட்டுவிடும். நான் என் ரவுட்டரில் செய்த போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் என் வீட்டு வாசலில் எழுதி ஒட்டிய அறிவிப்பு. கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

முகவரிகள் தீர்ந்துவிட்டன என்பது எனக்கும் தெரியும். பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பங்கிடும் ஏப்நிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. பகிர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நாடகம் பார்க்கத் தனி முகவரி எதற்கு? என் ஆத்திரம் வேறு. விளம்பரத்தில் வேகத்தை என் உயரத்துக்குப் பெரிதாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, 'இந்தத் திட்டத்தில் பொது முகவரி கிடையாது' என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை. ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தேன். கூடுதல் ரவுட்டர் வாடகை இருக்கிறது, இடையில் விலகினால் அபராதம் இருக்கிறது, இது இல்லை.

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாவது அழைப்பில் இன்னொருவர், மறுபடி அணைத்துப் போடச் சொன்னார். மூன்றாவதில் நான் "அக்கா, நான் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறேனா, ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன். பத்து நிமிட இசைக்குப் பிறகு பதில் வந்தது: ஆமாம். பொது முகவரி வேண்டுமென்றால் வணிகத் திட்டத்துக்கு மாற வேண்டும். காலணி அலமாரிக்கு மேல் இருக்கும் மடிக்கணினிக்கு வணிகத் திட்டம்! அந்த அக்கா மேல் கோபமில்லை, அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"ஐபிவி6 இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. ஆளுக்கொரு முகவரி தரும் புது முறை அது; ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறந்ததும் ஜூரோங்கில் இருவரும் நேராக உள்ளே வந்துவிட்டார்கள். ஈசூனிலும் ஜொகூர் பாருவிலும் இருப்பவர்களின் இணைப்பில் ஐபிவி6 இல்லை. பாதிப் பேர் ஆடும் ஆட்டம் ஆட்டமா?

கடைசியில் செய்தது இது. சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒரு தரவு மையத்தில் மாதம் 7 வெள்ளிக்குச் சின்ன வாடகை சர்வர். அதற்குச் சொந்தப் பொது முகவரி உண்டு. என் மடிக்கணினி வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் மூலம் அதை நோக்கி ஒரு சுரங்கம் போடுகிறது. வெளியே போகும் அழைப்பு என்பதால் சிஜிநாட் விட்டுவிடும். பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் போனால் நிறுவனத்தின் பெட்டி அட்டவணைக் குறிப்பை அழித்துவிடும், அதனால் மடிக்கணினிப் பக்கம் `PersistentKeepalive = 25` என்று போட வேண்டும். 25 நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும். நான் முதலில் இதை மறந்து, காலையில் எழுந்தால் சுரங்கம் செத்துக் கிடக்கும். வெளியிலிருந்து 25565-க்கு வருவதைச் சுரங்கத்துக்குள் தள்ள, வாடகை சர்வரில் இவ்வளவுதான்:

```
sysctl -w net.ipv4.ip_forward=1
iptables -t nat -A PREROUTING -i eth0 -p tcp --dport 25565 -j DNAT --to-destination 10.8.0.2:25565
iptables -t nat -A POSTROUTING -o wg0 -p tcp --dport 25565 -j MASQUERADE
```

`10.8.0.2` சுரங்கத்துக்குள் மடிக்கணினியின் முகவரி. கடைசி வரி இல்லாவிட்டால் பாக்கெட்டுகள் நண்பர்களின் சொந்த முகவரியோடு சுரங்கத்துக்குள் வரும். சுரங்கத்தின் எதிர்முனை முகவரியை மட்டும் அனுமதித்திருப்பதால் மடிக்கணினியின் வயர்கார்ட் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். சனிக்கிழமை ஐந்து பேரும் உள்ளே. தாமதம் சில மில்லிநொடி கூடியது, யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் எங்கிருந்தோ முகம் தெரியாத ஒருவன் சர்வர் முகவரியைக் கண்டுபிடித்து வந்து, ஈசூன்காரனின் கோபுரத்துக்கு நெருப்பு வைத்தான். தெரிந்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் வெள்ளைப் பட்டியலைப் போடாமல் விட்டது என் தப்பு. கடுப்பில் அவன் முகவரியையே தடை செய்யும் `/ban-ip` அடித்தேன். அவன் போனான். கூடவே ஐந்து பேரில் நான் மட்டும் மிஞ்சி, மற்ற நால்வரும் ஒரே நொடியில் வெளியே. ஏனென்றால் அந்த `MASQUERADE` வரியால் வெளியிலிருந்து வரும் எல்லாரும் என் சர்வருக்கு சுரங்கத்தில் வாடகை சர்வருக்குள்ள `10.8.0.1` என்ற ஒரே முகவரியாகத்தான் தெரிகிறார்கள். இரண்டு வாரமாக நான் திட்டித் தீர்த்த அதே பகிர்வை என் நண்பர்களுக்கு நானே செய்து வைத்திருக்கிறேன். ஒருவன் செய்த தப்புக்கு ஒரு புளோக்கே வெளியே.

தடையை நீக்கினேன், வெள்ளைப் பட்டியலைப் போட்டேன். ஜூரோங்கிலிருந்து வந்த குரல் செய்தியை இங்கே எழுத முடியாது.

புது நிறுவனத்தால் எனக்கு மாதம் 5 வெள்ளி மிச்சம். வாடகை சர்வருக்கு மாதம் 7 வெள்ளி. ஒப்பந்தம் முடிய இன்னும் 23 மாதம் இருக்கிறது.