உண்மை விளக்கம்: எம்எஃப்ஐ காட்டுவது யாருடைய பணம்?

பங்கின் விலையையும் வர்த்தக அளவையும் சேர்த்துப் பார்க்கும் எம்எஃப்ஐ, விலையை மட்டும் பார்க்கும் ஆர்எஸ்ஐ என்ற இரு குறியீடுகள் பற்றி இப்படி ஒரு செய்தி பகிரப்படுகிறது: “எம்எஃப்ஐ 80-ஐ நெருங்கினால் பெரிய நிறுவனங்களின் பணம் உள்ளே வருகிறது என்று பொருள், ஆர்எஸ்ஐ இதைக் காட்டாது.”

இது தவறு. ஒவ்வொரு பங்கும் ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கியே கைமாறுகிறது. வாங்கியவர் யார் என்பது இந்தக் கணக்கிற்குள் வருவதே இல்லை. ஒரு நாளின் உச்சம், தாழ்வு, முடிவு ஆகிய விலைகளின் சராசரியை அன்றைய வர்த்தக அளவால் பெருக்கி, அந்தச் சராசரி முந்தைய நாளைவிட உயர்ந்திருந்தால் வரவாகவும் குறைந்திருந்தால் செலவாகவும் 14 நாட்களுக்குக் கூட்டி, மொத்தத்தில் வரவின் சதவீதத்தைச் சொல்வதுதான் எம்எஃப்ஐ.

ஏறக்குறைய ஒரே விலையில் 7 நாள் ஏறி, 7 நாள் அதே அளவு இறங்கிய பங்கில் ஆர்எஸ்ஐ 50-ஐ ஒட்டியே நிற்கும். ஏறிய நாட்களில் தலா 3 லட்சம் பங்குகளும் இறங்கிய நாட்களில் தலா 1 லட்சம் பங்குகளும் கைமாறியிருந்தால் எம்எஃப்ஐ சுமார் 75. இது ஆர்எஸ்ஐ தராத உண்மையான தகவல். வர்த்தக அளவு தினமும் ஒன்றுபோல் இருந்தாலோ, எம்எஃப்ஐ ஏறிய நாட்களின் எண்ணிக்கையை மட்டுமே பிரதிபலிக்கும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: தினமும் 1 லட்சம் கைமாறும் அதே பங்கில், 5 பைசா ஏறிய ஒரே நாளில் பல்க் டீல் எனப்படும் மொத்தப் பரிவர்த்தனையால் 21 லட்சம் கைமாறினால் எம்எஃப்ஐ 79-க்குத் தாவி, அந்த நாள் 14 நாள் கணக்கிலிருந்து விலகியதும் சட்டென விழும். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அன்றாட வர்த்தக அளவையும் மொத்தப் பரிவர்த்தனைப் பட்டியலையும் பார்த்தால் இது தெரிந்துவிடும். அந்தச் செய்தியை இனிப் பகிர வேண்டாம்.