ஒன்று நிறைவேறினால் மற்றது ரத்து: ரத்து செய்வது யார்?

வாங்கும்போதே லாபத்துக்கு ஒரு டார்கெட்டையும் நஷ்டத்தை நிறுத்த ஒரு ஸ்டாப்லாஸையும் சேர்த்துப் போடும் பிராக்கெட் ஆர்டர் பற்றி ஒரு நண்பர் கேட்டார். "டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் போட்டுட்டா ஒன்னு அடிச்சதும் இன்னொன்னு தானா போயிடும்ல, அப்புறம் என்ன கவலை?" என்றார். அந்தத் 'தானா' என்ற வார்த்தைக்கு நான் ஏற்கனவே காசு கொடுத்திருக்கிறேன்.

சில வருஷம் முன்னால் என் ப்ரோக்கர் செயலியில் பிராக்கெட் வசதி இல்லை. சரி, நாமே இரண்டு ஆர்டர் போட்டால் போச்சு என்று நினைத்தேன். காலையில் ஒரு பங்கை 500 ரூபாய்க்கு 200 வாங்கினேன், இன்ட்ராடேயில். 515-க்கு ஒரு விற்பனை லிமிட், 492-ஐ ட்ரிக்கராக வைத்து, அதாவது விலை அங்கே இறங்கினால் விற்கும்படி, ஒரு ஸ்டாப்லாஸ். இரண்டாவதைப் போடும்போது புதிதாக மார்ஜின் கேட்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பது 200, நான் விற்கச் சொல்லியிருப்பது 400. இரண்டாவது 200 ப்ரோக்கருக்கு ஷார்ட்டாக, அதாவது கையில் இல்லாத பங்கை விற்பதாகத்தான் தெரிகிறது.

பதினொன்றே காலுக்கு டார்கெட் அடித்தது. 3,000 ரூபாய் லாபம். சந்தோஷமாகச் சாப்பிடப் போய்விட்டேன். ஸ்டாப்லாஸை ரத்து செய்ய வேண்டும் என்ற நினைப்பே இல்லை. மதியம் விலை சரிந்து 492-ஐத் தொட்டது, என்னிடம் இல்லாத 200 பங்குகளையும் அது விற்றுவிட்டது. மூன்று மணிக்கு மேல் பொசிஷன் பக்கத்தைத் திறந்தால் -200 என்று நிற்கிறது. விலையோ 497-க்கு ஏறியிருந்தது. திரும்ப வாங்கி முடித்ததில் 1,000 ரூபாய் போனது. அதுவும் தப்பித்த கணக்குதான். அந்தப் பங்கு அன்றைய விலை உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டியிருந்தால் வாங்கி மூடவே முடியாது, பங்கைக் கொடுக்க முடியாமல் ஏலத்துக்குப் போயிருக்கும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, நம் பங்குச் சந்தைக்கு அந்த இரண்டு ஆர்டரும் ஒரு ஜோடி என்று தெரியாது. அதைப் பொறுத்தவரை ஒன்று லிமிட், ஒன்று ஸ்டாப்லாஸ், அவ்வளவுதான். ஜோடி சேர்த்து வைத்திருப்பது ப்ரோக்கரின் சர்வர். ஒன்று நிறைவேறிய செய்தி வந்த பிறகுதான் அது மற்றதை ரத்து செய்யச் சொல்லும். விலை வேகமாக ஆடும்போது அந்த இடைவெளியில் இரண்டும் நிறைவேற வாய்ப்பு உண்டு. டார்கெட்டில் 120 மட்டும் விற்று 80 மிச்சமிருந்தால், ஸ்டாப்லாஸை 80-ஆகக் குறைக்க வேண்டியதும் அந்த சர்வரின் வேலைதான்.

பலர் கவனிக்காத இடம் வேறு. இப்போது நிறையப் பேர் பயன்படுத்துவது ஜிடிடி ஓசிஓ, ட்ரிக்கர் விலை வரும்வரை ப்ரோக்கரிடம் காத்திருக்கும் ஜோடி ஆர்டர். டெலிவரியில் வாங்கிய பங்குக்கு மேலே ஒரு ட்ரிக்கர், கீழே ஒரு ட்ரிக்கர் வைத்துவிட்டு நாள்கணக்கில் விட்டுவிடலாம். இதில் ஆர்டர் சந்தைக்குப் போவதே ட்ரிக்கர் விலை வந்த பிறகுதான். அந்த நொடியிலேயே மற்ற ட்ரிக்கர் ரத்தாகிவிடும். விற்பனை *நிறைவேறியதா* என்று அது காத்திருப்பதில்லை.

அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். கீழே ட்ரிக்கர் 492, லிமிட் 491.50. விலை 493-லிருந்து ஒரே தாவலில் 489-க்கு வந்தால் ட்ரிக்கர் அடித்துவிடும். ஆனால் 491.50-க்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று ஆர்டர் சந்தையில் நின்றுகொண்டே இருக்கும். 515 டார்கெட் அதற்குள் போய்விட்டது. ஸ்டாப்லாஸும் இல்லை, டார்கெட்டும் இல்லை. பங்கு மட்டும் கையில் இருக்கிறது, விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. "ட்ரிக்கர் ஆனது" என்று வரும் குறுஞ்செய்தியை "விற்றாகிவிட்டது" என்று படித்து நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆர்டர் புக்கைத் திறந்தால் உண்மை தெரியும். `COMPLETE` என்று இருந்தால்தான் விற்றது, `OPEN` என்று இருந்தால் இன்னும் நிற்கிறது. (டீமேட்டில் இருக்கும் பங்கை விற்க முன் அனுமதி கொடுக்காதவர்களுக்கு ஆர்டரே நிராகரிக்கப்படலாம். அப்போதும் மற்ற ட்ரிக்கர் திரும்பி வராது.)

செயலிகள் மேல் எனக்கு இருக்கும் வருத்தமும் இதுதான். ரத்து என்பது ட்ரிக்கரோடு கட்டப்பட்டதா, நிறைவேறுவதோடு கட்டப்பட்டதா என்று ஆர்டர் போடும் திரையிலேயே ஒரு வரி எழுதலாம். உதவிப் பக்கத்தின் அடியில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் போன் செய்துதான் கேட்டேன். எடுத்த பையன் சாதாரணமாக, "ட்ரிக்கர் ஆனதும் போயிடும் சார்" என்றான்.

அன்றைக்கே என் லிமிட்டை 491.50-லிருந்து 487-க்கு இறக்கினேன். 487 என்று எழுதினால் 487-க்கே விற்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் வாங்க நிற்பவர்களில் அதிக விலை கொடுப்பவருக்குத்தான் முதலில் போகும், 487 என்பது கடைசி எல்லை மட்டுமே. மேலே சொன்ன தாவலில் 489-க்கு வாங்க ஆள் இருந்திருந்தால் 489-க்கு விற்று வெளியே வந்திருப்பேன். விலை ஒரே இரவில் 480-க்குப் போய்த் திறந்தால் இந்த இடைவெளியும் போதாது, அன்றைக்குக் காலையில் நான்தான் உட்கார்ந்து விற்க வேண்டும்.