பெரும்பாலான பணம் உச்சத்தில்தான் உள்ளே வருகிறது

"மூணு வருஷத்துல 50 சதவீதம் ஏறின துறை ஃபண்டுல எப்படிங்க நஷ்டம் வரும்?" – ஓசூர் வாசகர்

வரும் சார். துறை ஃபண்ட் என்றால் ஐடி போல ஒரே துறையின் பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். யூனிட் 10 ரூபாய் இருந்தபோது ஃபண்டில் 1 கோடிதான் இருந்தது என்று வையுங்கள். இரண்டு வருடத்தில் 20 ரூபாய் ஆனது. அந்த வருமானத்தைப் பார்த்து 20 ரூபாயில் புதிதாக 40 கோடி வந்தது. மூன்றாம் வருடம் யூனிட் 15க்கு இறங்கியது. பட்டியலில் ஃபண்ட் 50 சதவீதம் லாபம் என்றே காட்டும். ஆனால் பழையவர்கள் பார்த்தது 50 லட்சம் லாபம், புதியவர்கள் இழந்தது 10 கோடி.

நம் பாலக்கோட்டில் தக்காளி விலை ஏறிய பிறகு எல்லோரும் நாற்று நடுவதைப் போலத்தான் இது. ஐடி நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீடு 2021இல் ஏறத்தாழ 60 சதவீதம் ஏறியது. 2022இல் கால் பங்குக்கு மேல் இறங்கியது. புதிய துறை ஃபண்டுகளும் துறை சூடாக இருக்கும்போதுதான் வரிசையாக வரும், அப்போதுதான் மக்கள் அவற்றை வாங்குவார்கள்.

சரி, துறை இறங்கும்போது ஃபண்ட் மேலாளர் பணத்தை வெளியே எடுத்துவிட மாட்டாரா? முடியாது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் விதிப்படி குறைந்தது 80 சதவீதம் அந்தத் துறையிலேயே இருக்க வேண்டும். எப்போது வெளியேறுவது என்ற பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

வாங்கும் முன் மாத அறிக்கைகளில் ஃபண்டின் மொத்தத் தொகையைப் பாருங்கள். யூனிட் விலை இரண்டு மடங்கு, மொத்தத் தொகை இருபது மடங்கு என்றால், அந்த வருமானம் உள்ளே இருக்கும் பெரும்பாலோருக்குக் கிடைத்ததே இல்லை.