இரண்டாவதாக எழுதினால் இடம் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மருத்துவம் படித்தவர்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்ப வரிசைகளைக் கொண்டு பயிற்சி இடங்களைப் பங்கிடும் அமெரிக்க ரெசிடென்சி மேட்ச் பற்றி அந்த அன்பர் பேசியதைக் கேட்டவர்களுக்கு, நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை. “ஆசைப்பட்ட மருத்துவமனையை முதலில் எழுதினால், அது கைவிட்டுப் போவதற்குள் இரண்டாவது இடமும் நிரம்பிவிடும், கிடைக்கக்கூடியதையே முதலில் எழுதுங்கள்” என்றார். நிரம்பாது ஐயா.

கேல், ஷாப்லி என்ற கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய முறையில், எந்த மருத்துவமனையும் முடிவு வரும்வரை யாரையும் உறுதி செய்வதில்லை. தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வோர் இடமே உள்ள மூன்று மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம். கயலும் மாறனும் நகர மருத்துவமனையை முதலிலும் ஆற்றங்கரையை அடுத்தும் எழுதுகிறார்கள். நிலா ஆற்றங்கரை, நகரம் என்று எழுதுகிறாள். மூவருக்கும் கடைசி மலை. நகரத்தின் வரிசை மாறன், கயல், நிலா. ஆற்றங்கரையின் வரிசை கயல், நிலா, மாறன். நகரம் கயலை மறுத்து மாறனை வைத்துக்கொள்கிறது. ஆற்றங்கரையில் நிலா முன்பே இருக்கிறாள். கயல் இப்போதுதான் அங்கே கேட்கிறாள். அவளை ஏற்று நிலாவை விலக்குகிறார்கள். நிலா நகரத்திலும் மறுக்கப்பட்டு மலைக்குப் போகிறாள். ஆற்றங்கரையை இரண்டாவதாக எழுதிய கயலுக்கு அது கிடைத்தது, முதலாவதாக எழுதிய நிலாவுக்குக் கிடைக்கவில்லை. தாமதமாகக் கேட்டதால் கயல் இழந்தது என்ன?

இது முடிவில்லாமல் சுற்றாதா என்று கேட்டவருக்கு: மறுத்த இடத்தில் யாரும் மறுபடி கேட்பதில்லை. ஆகவே மூவர், மூன்று இடம் என்றால் ஒன்பது விண்ணப்பங்களுக்குள் முடிந்தே தீரும். மேலே ஆறிலேயே முடிந்தது. நிலைத்திருக்குமா என்றால், கிடைத்ததைவிட வேறோர் இடத்தை ஒருவர் விரும்பினால், அங்கே முன்பே கேட்டு மறுக்கப்பட்டிருப்பார். மறுத்தபோது அந்த இடம் அவரைவிட மேலான ஒருவரை வைத்திருந்தது. பிறகு மேலானவரை மட்டுமே மாற்றிக்கொள்ளும். ஆகவே அவரும் அந்த இடமும் சேர்ந்து முடிவை மீற வழியில்லை.

“கணக்கு வேறு, நடைமுறை வேறு” என்பீர்கள். அமெரிக்காவில் 1998 முதல் விண்ணப்பதாரர் பக்கமிருந்து கேட்கும் இம்முறையின் வழியில்தான் மேட்ச் நடக்கிறது. உங்கள் வரிசையை மருத்துவமனை பார்ப்பதும் இல்லை. தம்பதியர் சேர்ந்து விண்ணப்பித்தால் நிலையான பொருத்தமே இல்லாமல் போகலாம் என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அன்பர் தம்பதியரைப் பற்றிப் பேசவில்லையே!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றும் கேட்டார்கள். என் மகள் விரும்பிய மருத்துவமனையை இரண்டாவதாக எழுதினாள்; முதலில் எழுதிய ‘பாதுகாப்பான’ இடமே கிடைத்தது. விரும்பிய இடத்தின் வரிசையில், அங்கே சேர்ந்த ஒருவருக்கு மேலே அவள் பெயர் இருந்தது என்று பின்னால் தெரியவந்தது. அதாவது முதலில் எழுதியிருந்தால் அவளுக்கே கிடைத்திருக்கக்கூடும். மூன்றாண்டுகள் அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று அவளுடைய வரைவுத் தாளை வாங்கி, அந்த இரண்டு பெயர்களையும் பென்சிலால் அம்புக்குறி போட்டு இடம் மாற்றியவன் நான்தான்.