துருப்பிடித்த தகரமும் மொத்தக் கணக்கும்

"கடையிலுள்ள மொத்தச் சரக்கையும் விற்றால் அடக்கவிலையை விடக் கூடத்தானே வரும்? பழுதானதைத் தனியே ஏன் குறைக்க வேண்டும்?"

இப்படிக் கேட்ட அண்ணை, வருட முடிவில் கையிருப்பை மதிப்பிடும்போது, அடக்கவிலையையும் விற்றால் கையில் மிஞ்சும் தொகையையும் வழக்கமாகப் பொருள் பொருளாகத்தான் ஒப்பிட வேண்டும். சீமெந்தில் வரப்போகும் இலாபத்தால் தகரத்தின் நட்டத்தை மூட முடியாது. அந்த இலாபம் விற்ற பிறகுதான் கணக்கில் ஏறும்.

புதுக்குடியிருப்பில் ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். மாரி மழையில் 40 தகரங்களின் ஓரம் துருவேறிவிட்டது. அடக்கம் தகடொன்றுக்கு 3,000 ரூபாய். வேலி அடைக்க 2,200 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், ஏற்றுக்கூலி 200 உங்கள் தலையில். மிஞ்சுவது 2,000. அதுதான் தேறிய தேறக்கூடிய பெறுமதி. ஆகவே 40,000 ரூபாய் இந்த வருடமே நட்டம். ஏற்றுக்கூலியைக் கழிக்க மறப்பவர்களே அதிகம்.

உங்களுக்கு முன் ஒரு தம்பி, ஒரு வருடத்துக்கு மேல் விற்காமல் கிடக்கும் பெயின்டின் பெறுமதியை அரைவாசியாக்கச் சொன்னார். பாதி சரி: தேங்கிக் கிடப்பது ஓர் எச்சரிக்கை, எவ்வளவு குறைப்பது என்று சொல்வது விற்கக்கூடிய விலைதான்.

நீங்களே சரிபார்க்கலாம். சரக்கிருப்பு பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 2இன் 29ஆம் பந்தியை வாசியுங்கள். ஒரே வகையான, பிரித்து மதிப்பிட முடியாத பொருட்களைச் சேர்த்துப் பார்க்கும் விலக்கும் அங்கேயே இருக்கிறது. பிறகு, உங்கள் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிந்தால், அதற்குப் பின் ஏப்ரலில் எழுதிய பில்களில் அதே தகரம் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.