போன் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு

விடைபெறும் நேரத்தில் வாயில் வருவதையெல்லாம் சொல்லிவிட்டு வண்டியேறுகிற உறவினர்கள் மீது எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. கோத்தகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோபம் வருடம் முழுவதும் உண்டு. கீழே வெயில் ஏறுகிற சித்திரையில் சற்றுக் கூடுதலாக உண்டு.

"சீக்கிரம் பார்க்கலாம்" என்பவர்களை நான் மன்னித்துவிடுகிறேன். அதில் நாளும் இல்லை, நேரமும் இல்லை, யார் யாரைத் தேடி வருவது என்பதும் இல்லை. பிரிகிற நேரத்தில் முகம் கோணாமல் இருப்பதற்காகச் சொல்லப்படுவது அது என்று இரு தரப்புக்கும் தெரியும். 2024 மே மாதத்தில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்த பிறகு, "எந்தத் தேதி என்று சொல்லுங்கள், பாஸ் எடுத்து வைக்கிறேன்" என்று நான் வேண்டுமென்றே கேட்பதுண்டு. அந்த நொடியில் எதிரில் இருப்பவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதும் இப்படித்தான். சொல்பவர் எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. வேலை முழுவதும் கேட்பவர் தலையில் விழுகிறது. போகட்டும்.

ஆனால் "போய்ச் சேர்ந்ததும் போன் போடுகிறோம்" என்பது வேறு வகை. யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அதைக் கேட்டவர் அந்த அழைப்பு வரும்வரை விழித்திருக்கக் கடமைப்படுகிறார். சொன்னவருக்கு இது தெரிவதே இல்லை.

சென்ற ஐப்பசி மழையில் என் சித்தப்பா குடும்பம் மாலை நான்கரை மணிக்குக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. வாசலில் அம்மா "பார்த்துப் போங்க" என்றார். சமவெளியில் அது வெறும் மரியாதைச் சொல்லாக இருக்கலாம். இங்கே அதற்குள் ஒரு பட்டியலே இருக்கிறது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதிலேயே இறங்கு, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடாதே, தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடு, மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி கொடு என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டு சொற்கள். சித்தப்பா "சரிங்க அண்ணி, வீட்டுக்குப் போன உடனே போன் பண்றோம்" என்றார்.

அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அங்கிருந்து கோவைக்கு ஏறக்குறைய அதே தூரம். மழையையும் மூடுபனியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் எட்டு மணிக்குள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மணி வரை அழைப்பு இல்லை. நாங்கள் அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அந்தச் சாலையில் இடையிடையே சிக்னல் கிடைக்காது, மழைக்காலத்தில் மண் சரியும், மரம் விழும். ஆகவே இங்கே இருப்பவருக்கு மௌனம் என்றால் ஆயிரம் அர்த்தம். அம்மா பதினொன்றரை வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை விசாரித்தால், வழியில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கே வீடு சேர்ந்து, போனைச் சைலண்டில் போட்டுத் தூங்கிவிட்டார்களாம். "அட, மறந்தே போச்சுங்க அண்ணி" என்று ஒரு சிரிப்பு வேறு.

வார்த்தைதானே, இதற்கு இவ்வளவு கோபமா என்று என்னிடம் கேட்கிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நீங்கள் யாராவது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்வதுண்டா? சொல்லிக்கொள்ளாமல்தானே நழுவுகிறீர்கள்? அந்த வீட்டுக்கு அப்படிப்பட்ட காரியத்துக்காகத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில்தானே தொண்டை வரை வந்ததை விழுங்குகிறீர்கள்? விடைபெறும் சொல்லுக்குள் வாக்கு இருக்கிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குக் கெடுதல் வரும் என்றால் மட்டும் அது வாக்கு. அடுத்தவர் தூக்கம் கெடும் என்றால் வெறும் பேச்சு. இந்த ஓரவஞ்சனைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

களைப்பாக இருந்தது என்பதெல்லாம் காரணமே இல்லை. எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் போதும், பேசக்கூட வேண்டாம். அதுவும் முடியாதென்றால், "போனெல்லாம் பண்ண மாட்டோம், நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். அம்மா வழக்கம்போல ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்.