என்னிடம் இரண்டு கைகள் இல்லை

"என்னிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன" என்று சொல்லலாம். "என்னிடம் இரண்டு கைகள் இருக்கின்றன" என்று சொன்னால், யாருடைய கைகளையோ பையில் போட்டுக்கொண்டு வந்தது போல ஒலிக்கும். "என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்" என்பதும் அப்படித்தான். அவனை எங்கோ பிடித்து வைத்திருப்பதாகத் தோன்றும். "எனக்கு இரண்டு கைகள், எனக்கு ஒரு தம்பி" என்று நான்காம் வேற்றுமைக்கு மாறினால்தான் சரியாகிறது. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்தும் தமிழ் பேசும் எவரும் இதில் தடுமாறுவதில்லை.

மொழியியலில் இதைப் பிரிக்கக்கூடிய உடைமை, பிரிக்கவியலா உடைமை என்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் லெவி-புரூல் 1914ஆம் ஆண்டு பசிபிக் தீவுகளில் பேசப்படும் மெலனீசிய மொழிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பாகுபாடு மேற்கில் புழக்கத்துக்கு வந்தது. நம் இலக்கணத்தில் இது மிகப் பழையது. தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமையைச் சொல்லும்போதே "தன்னினும் பிறிதினும்" என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது ஆடை என்பது பிறிதின்கிழமை. பள்ளியில் இதை ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். மனித மொழிகள் பலவற்றின் உள்கட்டமைப்பைத் தொடும் ஒரு கவனிப்பு அது.

ஆனால் அதற்காக "எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது" என்று முழங்கிவிடக் கூடாது. தொல்காப்பியம் சொல்வது பொருள் வேறுபாடு. கைக்கும் ஆடைக்கும் உருபு ஒன்றுதான், இரண்டுக்கும் 'அது'. சில மொழிகளில் இலக்கண வடிவமே வேறாகிவிடுகிறது. உண்மையான வியப்பு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கில் பேசப்படும் நவஹோ மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் உடலுறுப்புப் பெயரும் உறவுப்பெயரும் தனியாக நிற்காது. யாருடையது என்று காட்டும் முன்னொட்டு வந்தே ஆகவேண்டும். 'ஷிமா' என்றால் என் தாய். யாருடைய தாய் என்று சொல்ல விருப்பமில்லை என்றாலும் வெறும் 'மா' என்று நிறுத்த முடியாது. 'யாரோ ஒருவருடைய' என்ற பொருள் தரும் 'அ' முன்னால் வந்து 'அமா' ஆகும். பாலுக்கும் இதே விதி. 'அபெ' என்றால் பால். சரியாகச் சொன்னால், யாரோ ஒருவருடைய பால். இப்போது 'என் பால்' என்று எப்படிச் சொல்வது? இரண்டு வழி இருக்கிறது. 'அ'வை எடுத்துவிட்டு 'ஷி'யை வைத்தால் 'ஷிபெ': என் மார்பில் சுரக்கும் பால். 'அ'வை எடுக்காமல் அதன் முன்னால் என்னைச் சேர்த்தால் 'ஷெஅபெ': நான் வாங்கி வைத்திருக்கும் பால். இரண்டாவது சொல்லுக்குள் இரண்டு உடையவர்கள் இருக்கிறார்கள். பால் முதலில் யாரிடமோ சுரந்தது, பிறகு என் கைக்கு வந்தது. இரண்டையும் அந்தச் சொல் தாங்கி நிற்கிறது. எலும்புக்கும் இப்படியே: என் உடம்புக்குள் இருக்கும் எலும்பு ஒரு சொல், சூப்புக்காக நான் வைத்திருக்கும் எலும்பு இன்னொரு சொல்.

ஒரு மொழியின் இலக்கணத்தில் பிரிக்கவியலா உடைமை இருக்கிறதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். உடையவர் இல்லாமல் அந்தப் பெயர் தனியாக நிற்குமா? உடைமையைக் காட்டும் வடிவம் மற்றப் பொருள்களுக்கு வருவதிலிருந்து வேறுபடுகிறதா?

இந்தக் கேள்விகளைச் சங்கத் தமிழிடம் கேட்டால் சுவையான விடை கிடைக்கிறது. குறுந்தொகை 40ஆம் பாடலின் முதல் இரண்டு அடிகளில் வரும் யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. மூன்றாம் இடத்துக்குத்தான் தாய், தந்தை: அவனுடைய அல்லது அவளுடைய தாய், தந்தை. உடையவர் சொல்லுக்குள்ளேயே கரைந்திருக்கிறார். உடன்பிறந்தாருக்கும் இதே வரிசை உண்டு: எம்பி, நும்பி, தம்பி, எங்கை, நுங்கை, தங்கை. பிற்காலத்தில் முன்னிலையும் தன்மையும் வழக்கொழிந்து மூன்றாம் இட வடிவம் மட்டும் பொதுப்பெயராக எஞ்சியது. ஆகவே இன்று நாம் சொல்லும் 'என் தம்பி'க்குள் 'என்' ஒன்றும், பொருள் மங்கிப்போன 'தம்' ஒன்றுமாக இரண்டு உடையவர்கள் இருக்கிறார்கள்.

கவனியுங்கள், இந்த ஏற்பாடு எல்லா உறவுக்கும் இல்லை. உடலுறுப்புக்கு அறவே இல்லை. கை, கண், தலை எல்லாம் அன்றும் தனியே நின்றன. மகனுக்கும் இல்லை. புறநானூறு 86ஆம் பாடலில் ஒருவர் 'நின்மகன்' எங்கே என்று கேட்க, தாய் 'என்மகன்' என்று விடை சொல்கிறாள். சொல் ஒன்றே, முன்னால் வரும் நின்னும் என்னும்தான் மாறுகின்றன.

இங்கேதான் எனக்குப் பரவலான ஒரு விளக்கத்தோடு சண்டை. உறவைப் பிரிக்கவியலா உடைமையாகக் காட்டும் மொழியைப் பேசுவோர் உறவைத் தம் உடம்பின் பகுதியாகவே உணர்கிறார்கள், மற்றவர்கள் அப்படி உணர்வதில்லை என்று மயங்கி எழுதுகிறார்கள். அப்படியானால் பழந்தமிழர் தங்கையைத் தம்மோடு சேர்த்தும் மகனை விலக்கியும் வைத்தார்களா? அந்தப் புறப்பாட்டிலேயே அந்தத் தாய் தன் வயிற்றைப் புலி கிடந்து போன குகை என்கிறாள். அதைவிட நெருக்கமாக ஒரு மகனைச் சொல்லிவிட முடியுமா? பாசத்தின் அளவை இலக்கண வடிவத்தில் தேடுவது வீண்.

மொழியியலாளர் ஜொஹானா நிக்கல்ஸ் 1988இல் எழுதியது எனக்கு நியாயமாகப் படுகிறது: உடையவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும் பெயர்களின் தொகுதியே பிரிக்கவியலா உடைமை; அந்தத் தொகுதி மொழிக்கு மொழி வேறுபடும். இன்னொரு மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 2017இல் இன்னும் எளிய காரணத்தை முன்வைத்தார். எப்போதும் யாருடையது என்ற குறிப்போடு பேசப்படும் பெயர்களில் உடைமையை எளிதில் ஊகித்துவிடலாம். ஊகிக்க முடிந்ததற்கு நீண்ட அடையாளம் தேவையில்லை. அது குறுகும், ஒட்டும், சில நேரம் மறைந்தே போகும். "கையைக் கழுவினேன்" என்றால் என் கைதான். "அம்மா வந்துவிட்டார்" என்றால் என் அம்மாதான். "சட்டையைக் கொடுத்தேன்" என்றால் யாருடைய சட்டை என்ற கேள்வி எழும்.

சங்ககால மகனுக்கும் இதே காரணம் பொருந்தும் என்று நினைக்கிறேன். தந்தையும் தாயும் எப்போதும் ஒருவருடைய தந்தை, ஒருவருடைய தாய். மகன் என்ற சொல்லோ அன்று பிள்ளையை மட்டும் குறிக்கவில்லை. ஆண், வீரன் என்ற பொருளிலும் வழங்கியது. ஆண்மகன், பெருமகன் என்று இன்றும் நாம் சொல்வது அந்தப் பொருளில்தான். யாருக்கும் உரியவனாக இல்லாமலே ஒரு மகன் வாக்கியத்தில் வந்து நிற்க முடிந்ததால், அந்தச் சொல்லுக்குள் உடையவரைப் பூட்டிவைக்க மொழிக்கு அவசியம் ஏற்படவில்லை.